முன்பணம் கணக்கில் இருக்கிறது, ஆனால் போகவில்லை: வங்கிக் காத்திருப்பு நேரமும் வாங்குரிமையின் கடைசி நாளும்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணி. சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு தம்பதி சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாள் மாலை 4 மணிக்குள் விற்பவரின் வழக்கறிஞர் கணக்கில் 56,000 வெள்ளி சேர்ந்திருக்க வேண்டும். கணக்கில் 95,000 வெள்ளி இருக்கிறது. பணத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், இந்தப் பரிவர்த்தனை 24 மணி நேரம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று வங்கிச் செயலி சொல்கிறது. அப்படியென்றால் பணம் போய்ச் சேருவது திங்கட்கிழமை இரவு பத்தரை மணிக்கு, அதாவது கெடு முடிந்து ஆறரை மணி நேரம் கழித்து.

இந்தக் கணவருக்கு என்ன நேர்ந்தது என்பதை நேரக் கணக்கோடு பார்ப்பதே இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி. பலர் நினைப்பதுபோல் அவரைத் தடுத்தது ஒரே ஒரு வரம்பு அன்று. மூன்று கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. வீட்டுப் பத்திரத்தின் கடிகாரமோ எந்தக் கதவுக்காகவும் நிற்பதில்லை.

முதலில் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். மறுவிற்பனையில் தனியார் வீடு வாங்கும்போது, விற்பவர் வாங்குபவருக்கு வாங்குரிமைப் பத்திரம் ஒன்றை வழங்குகிறார். முகவர்கள் இதைச் சுருக்கமாக ‘ஓடிபி’ என்பார்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கும் இங்கே அதே பெயர்தான் என்பதால், இந்தத் தம்பதியின் உரையாடலில் எந்த ஓடிபி இன்னும் வரவில்லை என்பதே ஒரு கட்டத்தில் குழப்பமாகிவிட்டது. இந்த உரிமைக்கு வழக்கமாக விலையில் 1 விழுக்காடு கட்டணம். அதைச் செலுத்தியபின் பொதுவாக 14 நாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் வாங்குபவர் பத்திரத்தின் ஏற்புப் பகுதியில் கையெழுத்திட்டு, மேலும் 4 விழுக்காட்டுத் தொகையுடன் அதை விற்பவரின் வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசி நாளில் நேர வரம்பு பெரும்பாலும் மாலை 4 மணி. கையெழுத்து, பணம் இரண்டும் சேர்ந்தால்தான் உரிமையைப் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படும். நேரம் தவறினால் உரிமை காலாவதியாகிவிடும், செலுத்திய 1 விழுக்காடும் விற்பவருக்கே போய்விடும். விற்பவர் எழுத்துமூலம் சம்மதித்தால் அவகாசத்தை நீட்டிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேறொருவர் கூடுதல் விலை கேட்டிருந்தால், அந்தச் சம்மதம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

நம் தம்பதி வாங்கும் வீட்டின் விலை 1.4 மில்லியன் வெள்ளி. 1 விழுக்காடான 14,000 வெள்ளியைக் காசோலையாக விற்பவரிடம் கொடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த சிக்கலுக்கு இந்தக் காசோலையும் ஒரு மறைமுகக் காரணம். அதையும் செயலி வழியாக அனுப்ப முயன்றிருந்தால், தங்கள் வரம்பு என்ன என்பது அவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே தெரிந்திருக்கும். மீதி 4 விழுக்காடுதான் அந்த 56,000 வெள்ளி. வங்கிக் கடனில் வாங்கும்போது விலையில் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமாக இருக்க வேண்டும் என்பதால், இந்த இரண்டு தொகைக்கும் மத்திய சேம நிதியைத் தொட முடியாது. முழுவதும் சேமிப்புக் கணக்கிலிருந்தே வர வேண்டும்.

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை வீடுகளில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய எழுவதே இல்லை. அங்கே அவகாசம் 21 நாள். உரிமைக் கட்டணமும் பயன்படுத்தும் கட்டணமும் சேர்ந்து 5,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. இதற்கு முன் வீவக வீடு மட்டுமே வாங்கி விற்றுப் பழகியவர்கள் தனியார் வீட்டுக்கு வரும்போது அசட்டையாக இருந்துவிடுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்பேன்.

இனி கதவுகளுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டின் இறுதியில் வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் பல நூறு பேர் பணம் இழந்தார்கள். அதையடுத்து 2022 ஜனவரியிலும் ஜூனிலும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் புதிய பாதுகாப்பு ஏற்பாடுகளை அறிவித்தன. பரிவர்த்தனைகளை உறுதிப்படுத்தும் மின்னிலக்க அடையாளக் குறியீட்டைப் புதிய கைப்பேசியில் அமைத்தால் அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இணையவழிப் பண மாற்றத்துக்கான தொடக்க வரம்பு 5,000 வெள்ளி அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வாடிக்கையாளர் வரம்பைத் தாமே உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் உயர்த்திய வரம்பு உடனே நடப்புக்கு வருவதில்லை. கணக்கின் சாவியைத் திருடியவர் முதலில் செய்வது வரம்பை உயர்த்துவதும், தன் கணக்கைப் பெறுநராகச் சேர்ப்பதும்தான் என்பதால், இந்த இரண்டு செயலுக்கும் பல வங்கிகள் காத்திருப்பு நேரம் வைத்திருக்கின்றன. உண்மையான வாடிக்கையாளருக்கு எச்சரிக்கைச் செய்தி போய்ச் சேரவும், அவர் விழித்துக்கொண்டு கணக்கை முடக்கவும் அந்த இடைவெளி தேவை. கால அளவு வங்கிக்கு வங்கி மாறும். இவர்களுடைய வங்கியில் இரண்டுக்குமே 12 மணி நேரம்.

வழக்கறிஞர் கணக்கு விவரம் வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்தது. கணவர் சனிக்கிழமை இரவு 10 மணிக்குத்தான் செயலியைத் திறந்தார். வரம்பு 5,000 வெள்ளி என்று காட்டியதும் அதை 1 லட்சமாக மாற்றினார். ஞாயிறு காலை 10 மணிக்குப் புதிய வரம்பு செயல்படும் என்று செய்தி வந்தது. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியை வைத்துவிட்டார். முதல் 12 மணி நேரத்தை அவர் வீணாக்கியது இங்கேதான். பெறுநரைச் சேர்ப்பதற்கு வரம்பு உயர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டையும் ஒரே இரவில் செய்திருந்தால் இரண்டு காத்திருப்பும் ஒன்றாகவே ஓடி, ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் முடிந்திருக்கும். அவர் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, வரம்பு உயர்ந்த பிறகே வழக்கறிஞரின் கணக்கைச் சேர்த்தார். அந்தக் கணக்குக்குப் பெரிய தொகை அனுப்ப இரவு பத்தரை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பெறுநர் எப்போதுமே புதியவராகத்தான் இருப்பார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2011 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, சட்ட நிறுவனங்கள் சொத்து விற்பனைக்கான பணத்தைத் தங்கள் சாதாரண வாடிக்கையாளர் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கென்றே உள்ள தனிக் கணக்கில்தான் பெற வேண்டும். நிறுவனப் பெயரின் பின்னால் CVY என்று வருவது அந்தக் கணக்கின் அடையாளம். அதே நிறுவனத்துக்கு முன்பு எப்போதாவது கட்டணம் செலுத்தியிருந்தாலும், இந்தக் கணக்கு உங்கள் செயலிக்குப் புதிதுதான். வங்கியின் கணினி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், வீட்டு முன்பணமும் மோசடியும் ஒரே சாயலில் தெரிகின்றன. இரண்டிலும் வரம்பு திடீரென உயர்கிறது, முன்பின் தெரியாத பெறுநர் சேர்கிறார், சில மணி நேரத்தில் கணக்கின் பெரும்பகுதி வெளியே போகிறது, வாடிக்கையாளர் அவசரப்படுகிறார். வழக்கறிஞர் போல மின்னஞ்சல் அனுப்பி, கணக்கு எண்ணை மட்டும் மாற்றிப் பணம் பறிக்கும் மோசடி வகை ஒன்று உண்மையிலேயே இருப்பதால், கணினியின் சந்தேகத்தைக் குறைசொல்லவும் முடியாது. வெள்ளிக்கிழமை வந்த மின்னஞ்சலை நம்பி எண்ணை அப்படியே தட்டச்சு செய்ததற்குப் பதிலாக, தங்கள் வழக்கறிஞரின் அலுவலகத்தை ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து, கணக்கு எண்ணைப் படித்துக்காட்டிச் சரிபார்த்திருக்க வேண்டும். சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கும் வழியில்லை.

மூன்றாவது கதவுதான் பலருக்கு இன்னும் தெரியாதது. 2025 அக்டோபர் 15 முதல் இங்குள்ள முக்கியச் சில்லறை வங்கிகள் படிப்படியாக ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 50,000 வெள்ளியோ அதற்கு மேலோ இருக்கும் சேமிப்பு அல்லது நடப்புக் கணக்கிலிருந்து, 24 மணி நேரத்துக்குள் மின்னிலக்க வழியில் பாதிக்கு மேற்பட்ட பணம் வெளியேறுமானால், அந்தப் பரிவர்த்தனையை வங்கி 24 மணி நேரம் நிறுத்தி வைக்கும் அல்லது ஏற்க மறுத்துவிடும். பாதி என்பது கணக்கிடப்படுவது தனித்தனிப் பரிவர்த்தனைக்கு அன்று, 24 மணி நேரத்தின் மொத்தத் தொகைக்கு. ஆகவே 56,000 வெள்ளியை நான்கு துண்டாக்கி ஒரே இரவில் அனுப்பினாலும், பாதியைத் தாண்டும் துண்டு மாட்டிக்கொள்ளும். 95,000 வெள்ளியில் பாதி 47,500. நம் கணவர் வரம்பையும் பெறுநரையும் கடந்து வந்து, ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு முட்டிக்கொண்டது இந்தக் கதவில்தான்.

இந்த விதி யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது என்பது சற்று விசித்திரமானது. கணக்கில் 3 லட்சம் வெள்ளி வைத்திருப்பவர் இதே 56,000 வெள்ளியை அனுப்பினால் அது பாதிக்கு வெகு கீழே என்பதால் தடையில்லை. கணவன் கணக்கில் 45,000, மனைவி கணக்கில் 45,000 என்று வைத்திருப்பவர்களுக்கும் தடையில்லை, ஏனென்றால் எந்தக் கணக்கும் 50,000 வெள்ளியைத் தொடவில்லை. வீட்டுப் பணம் வேறு செலவில் கலந்துவிடக் கூடாது என்று, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் ஒழுங்காகத் திரட்டி வைத்திருக்கும் குடும்பம்தான் சரியாக மாட்டிக்கொள்கிறது. வீவக வீட்டை விற்ற பணத்தையும் சேமிப்பையும் ஒன்றாக்கி இவர்கள் செய்திருந்தது அதைத்தான். நம் அம்மாக்கள் கல்யாணப் பணம் முழுவதையும் ஒரு டப்பாவில், சீட்டுப் பணம் முழுவதையும் இன்னொரு டப்பாவில் என்று போட்டு வைத்த பழக்கம், அபூர்வமாக இங்கே பாதகமாகிறது.

சரி, செயலி வழியாகவே செய்ய முடியாத காரியமா இது? இல்லை. வரம்பும் பெறுநரும் வியாழக்கிழமையே தயாராகியிருந்தால், வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு 40,000 வெள்ளியை அனுப்பியிருக்கலாம். அது பாதிக்குக் கீழே. சனிக்கிழமை மாலை, 24 மணி நேரம் முழுதாகக் கழிந்தபின், மீதமிருக்கும் 55,000 வெள்ளியிலிருந்து 16,000 வெள்ளியை அனுப்பியிருக்கலாம். அதுவும் பாதிக்குக் கீழே. உடனடிப் பண மாற்றச் சேவையான ஃபாஸ்ட் வாரயிறுதியிலும் இயங்குகிறது. அதில் ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சம் வெள்ளி வரை அனுமதி உண்டு என்பதால், இந்தத் தொகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இடைஞ்சல் இல்லை. இரண்டு பகுதியாகப் பணம் வரும் என்று வழக்கறிஞருக்கு முன்கூட்டியே சொல்லி, இரண்டிலும் வீட்டு முகவரியைக் குறிப்பாக இட்டுவிட்டால் போதும். ஆனால் இதற்குக் கணக்கு விவரம் வாரத்தின் நடுவிலேயே கையில் இருக்க வேண்டும். உரிமையைப் பயன்படுத்த இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்ற நிலையிலேயே, வாங்குபவர் தம் வழக்கறிஞரிடம் விற்பவர் தரப்பின் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குவதில் தவறொன்றும் இல்லை. பெரும்பாலோர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கணக்கில் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியைப் பயன்படுத்தியிருப்பவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் இறுதி முதல் வங்கிகள் அறிமுகப்படுத்திய இந்த வசதியில், பூட்டிய தொகையை மின்னிலக்க வழியில் வெளியே அனுப்ப முடியாது. அதைத் திறக்க, வங்கியைப் பொறுத்து, கிளைக்கோ தானியக்க இயந்திரத்துக்கோ நேரில் போக வேண்டியிருக்கும். செயலியில் மொத்தத் தொகை தெரிகிறதே என்று எண்ணிக் கடைசி நாள் வரை இருப்பவர்கள், எடுக்கத்தக்க தொகை என்ற வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தம்பதியின் கதைக்குத் திரும்புவோம். ஞாயிறு இரவு மனைவிக்குத் தோன்றியது பழைய வழி. புதிய விதி கட்டுப்படுத்துவது மின்னிலக்கப் பரிவர்த்தனையை மட்டுமே. கிளையில் நேரில் சென்று வாங்கும் வங்கிக் காசாணைக்கு அது பொருந்தாது. காசாணையை எழுதும்போதே வங்கி கணக்கிலிருந்து பணத்தைப் பிடித்துக்கொள்வதால், சாதாரணக் காசோலையைப்போல் அது பணமின்றித் திரும்பிவிடும் என்ற பயமும் இல்லை. அதனால்தான் சொத்துப் பரிவர்த்தனைகளில் வழக்கறிஞர்கள் இன்றும் அதை விரும்புகிறார்கள்.

ஆனால் காலையில் அவர்கள் வங்கிக்குப் போகும்முன் ஒரு வேலை இருந்தது. நிறுத்தி வைக்கப்பட்ட 56,000 வெள்ளி அனுப்பப்படவில்லையே தவிர, இவர்களுடைய வங்கி அதைக் கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தது. எடுக்கத்தக்கதாக மிஞ்சியது 39,000 வெள்ளி மட்டும். அப்படியே கிளைக்குப் போயிருந்தால், போதிய பணம் இல்லை என்ற பதில்தான் கிடைத்திருக்கும். நிலுவையிலுள்ள பரிவர்த்தனையைச் செயலியில் ரத்துசெய்து, இருப்புத்தொகை மீண்டும் 95,000 என்று காட்டியதைப் பார்த்த பிறகே கிளம்பினார்கள். இடையே வங்கியிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்திருந்தது. தெரியாத எண் என்று கணவர் எடுக்கவில்லை. மோசடிக்காரர்களுக்குப் பயந்து அழைப்பை எடுக்காமல் விடுவது இங்கே எல்லாருக்கும் பழகிவிட்ட ஒன்றுதான். எடுத்திருந்தாலும் அந்த அழைப்பிலேயே விவரம் சொல்லாமல், அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்குத் தானே திரும்ப அழைப்பதுதான் சரியான முறை.

கிளையில் நீண்ட வரிசை. முகப்பில் இருந்த பெண்மணி தமிழ் பேசுபவராக அமைந்தது ஒரு தற்செயல். “என்ன விஷயமா இவ்வளவு பெரிய தொகை, அண்ணே? யார் சொல்லி அனுப்புறீங்க?” என்று கேட்டார். கணவருக்குச் சற்று எரிச்சல்தான். மனைவி வாங்குரிமைப் பத்திரத்தின் நகலையும் வழக்கறிஞரின் கடிதத்தையும் எடுத்து வைத்ததும் கேள்விகள் நின்றன. அந்த இரண்டு தாளும் இல்லாமல் போயிருந்தால் இன்னும் அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்று பிற்பாடு சொன்னார்கள். காசாணையில் பெறுநர் பெயரைச் சட்ட நிறுவனத்தின் பெயராக மட்டும் எழுதப் போனபோது, அதன் பின்னால் வரும் CVY என்ற மூன்று எழுத்தும் வேண்டும் என்று கடிதத்தைக் காட்டி மனைவி திருத்தினார். அது விடுபட்டிருந்தால் அந்தத் தனிக் கணக்கில் காசாணையை வரவு வைத்திருக்க முடியாது, மறுபடியும் கிளைக்கே வந்திருக்க வேண்டும். கணக்கு இருவர் பெயரிலும், இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய முறையிலும் இருந்திருந்தால், ஒருவர் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு போவது பலித்திருக்காது.

காசாணையும் கையெழுத்திட்ட ஏற்புப் பகுதியும் அவர்களுடைய வழக்கறிஞர் வழியாக விற்பவரின் வழக்கறிஞர் அலுவலகத்தில் 2.40 மணிக்கு ஒப்படைக்கப்பட்டன. பெற்றுக்கொண்டதற்கு நேரம் குறிக்கப்பட்ட முத்திரையை நகலில் வாங்கிக்கொண்டார்கள்.

அதோடு பணம் அனுப்பும் வேலை முடிந்துவிடவில்லை. உரிமையைப் பயன்படுத்திய நாளிலிருந்து 14 நாளுக்குள் வாங்குபவர் முத்திரை வரியைச் செலுத்த வேண்டும். முதல் 180,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு, அடுத்த 640,000 வெள்ளிக்கு 3 விழுக்காடு, அதற்கு மேல் எஞ்சும் 4 லட்சத்துக்கு 4 விழுக்காடு என்று கணக்கிட்டால், 1.4 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு 40,600 வெள்ளி வருகிறது. இருவரும் குடிமக்கள், கையில் வேறு வீடு இல்லை என்பதால் கூடுதல் வரி கிடையாது. மறுவிற்பனை வீட்டுக்கு இந்த வரியை முதலில் ரொக்கமாகக் கட்டிவிட்டு, பிறகு சேம நிதியிலிருந்து ஈடுசெய்துகொள்வதே வழக்கம். கணக்கில் இப்போது இருப்பது 39,000 வெள்ளி. 50,000 வெள்ளிக்குக் கீழே இறங்கிவிட்டதால் பாதித்தொகை விதி இனி இந்தக் கணக்கை அண்டாது. ஆனால் 1,600 வெள்ளி குறைகிறது. அதை மனைவியின் கணக்கிலிருந்து தர வேண்டும். வரியைச் செலுத்தித் தரப்போவது அவர்களுடைய சொந்த வழக்கறிஞர் அலுவலகம். மனைவியின் வரம்பு இன்னும் 5,000 வெள்ளிதான் என்றாலும் இந்தத் தொகைக்கு அது போதும், ஆனால் அந்த அலுவலகத்தின் கணக்கு இருவரின் செயலிக்கும் புதியது.

அந்தக் கணக்கு எண்ணை அன்று மாலையே அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்து, இரவு சாப்பாட்டுக்கு முன்பே இருவரும் தத்தம் கைப்பேசியில் பெறுநராகச் சேர்த்துவிட்டார்கள்.